ராஜினாமா கடிதத்தில் இரண்டு தேதி இருக்கட்டும்

கேள்வி: அண்ணே, மதுரை கே.கே. நகர்ல ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில மூணு வருஷமா பேக்எண்ட் டெவலப்பரா இருக்கேன். மொத்தமே பதினெட்டு பேர்தான். சென்னையில ஒரு ஆபர் வந்து ஏத்துக்கிட்டேன், ஆகஸ்ட் 31 சேரச் சொல்றாங்க. இங்க 60 நாள் நோட்டீஸ். வர்ற திங்கள் ஜூலை 13 பேப்பர் போடலாம்னு இருக்கேன். லீவு 9 நாள் மிச்சம் இருக்கு. லெட்டர்ல என்ன எழுதணும்? ஹேண்டோவர் முடியலைன்னு சொல்லி இழுத்தடிப்பாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்:

தம்பி, கடிதத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் காலண்டரை எடுங்கள். ஜூலை 13 கொடுக்கிறீர்கள் என்றால் மறுநாள் 14-ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் ஜூலையில் 18 நாள், ஆகஸ்டில் 31, ஆக 49, மிச்சம் 11. அறுபதாவது நாள் செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. சென்னைக்காரர்கள் கேட்பது ஆகஸ்ட் 31 திங்கள், அப்படியானால் இங்கே கடைசி நாள் ஆகஸ்ட் 28 வெள்ளி. இரண்டுக்கும் நடுவில் 14 நாள் இடிக்கிறது. உங்கள் பயம் முழுக்க இந்த 14 நாளுக்குள்தான் இருக்கிறது, நீங்கள் எழுதப்போகும் கடிதம் இந்த 14 நாளை எப்படிச் சொல்கிறது என்பதுதான் முக்கியம், மற்றதெல்லாம் மரியாதைக்கு எழுதுவது.

இந்த இடத்தில் பலர் செய்யும் தப்பு என்னவென்றால், கடிதத்தில் "என் கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 28" என்று மட்டும் போட்டுவிடுவார்கள். அவர்கள் மனதில் அது ஒரு வேண்டுகோள், ஆனால் படிக்கிறவருக்கு அது ஒப்பந்தத்தை மீறுகிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள். நாளைக்கு ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைக்க அவர்களுக்கு வேறு காரணமே வேண்டாம். நேர் எதிரான தப்பும் உண்டு. செப்டம்பர் 11 என்று எழுதிவிட்டு, முன்னாலேயே விடச் சொல்லி வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருப்பது. மேனேஜர் டீக்கடையில் "பாத்துக்கலாம்பா" என்பார், நீங்களும் நம்பிச் சென்னையில் ரூம் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பீர்கள், ஆகஸ்ட் 25 அன்று எச்.ஆர். "எங்களுக்கு எதுவும் வரலையே" என்பார்.

அதனால் இரண்டு தேதியும் கடிதத்தில் இருக்க வேண்டும். ஒன்று உரிமை, மற்றது கோரிக்கை. ஒப்பந்தப்படி என் கடைசி நாள் இது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தேதியிலேயே விட்டால் நல்லது, குறையும் நாளுக்கு இப்படி ஈடு செய்கிறேன். இவ்வளவுதான் அமைப்பு.

எழுதும் முன்பு நியமனக் கடிதத்தை, அதாவது சேரும்போது கையெழுத்துப் போட்ட அந்த அப்பாயிண்ட்மென்ட் லெட்டரை, எடுத்து நோட்டீஸ் பத்தியை மெதுவாகப் படியுங்கள். மூன்று விஷயம் தேடுங்கள். அறுபது நாள் எப்போதிலிருந்து எண்ணப்படும் என்று போட்டிருக்கிறதா. குறையும் நாளுக்குப் பணம் கட்டி வெளியேறலாம் என்று இருக்கிறதா, அது உங்கள் விருப்பமா, கம்பெனி ஒத்துக்கொண்டால்தானா. அந்தப் பணம் பேசிக்கில் கணக்கிடப்படுமா, மொத்தச் சம்பளத்திலா. மூன்றாவதைப் பலர் பார்ப்பதேயில்லை, ஆனால் தொகை அங்கேதான் இரட்டிப்பாகிறது. உங்கள் சம்பளம் தெரியாது, ஒரு கணக்குக்கு மாதம் 48,000, அதில் பேசிக் 24,000 என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாள் மாதம் என்று வகுத்தால் 14 நாளுக்கு மொத்தச் சம்பளத்தில் 22,400 ரூபாய், பேசிக்கில் 11,200.

இப்போது அந்த 9 நாள் லீவு. அதைக் கழித்தால் 14-இல் 5 நாள்தான் மிச்சம், மொத்தச் சம்பளத்தில் 8,000, பேசிக்கில் 4,000. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நோட்டீஸ் நாள் சனி ஞாயிறு சேர்த்து எண்ணப்படுவது, லீவோ வேலை நாளைக் கொண்டு எண்ணப்படுவது. ஆகஸ்ட் 29-இலிருந்து செப்டம்பர் 11 வரை உள்ள 14 நாளில் சனி ஞாயிறு நான்கு போனால் வேலை நாள் பத்துதான். லீவை வேலை நாளுக்கு எதிராகக் கழிக்கும் கம்பெனியாக இருந்தால் உங்கள் 9 நாள் லீவே அநேகமாக முழுவதையும் மூடிவிடும், ஒரே ஒரு நாள்தான் குறையும். எச்.ஆரிடம் இதைக் கேட்டுப் பதிலை மெயிலில் வாங்குங்கள். ஆனால் ஒன்று, நோட்டீஸ் காலத்தில் லீவைக் கழிக்க முடியாது என்று விதி வைத்திருக்கிற கம்பெனிகளும் உண்டு, அப்படி இருந்தால் லீவுக்குப் பணமாவது கிடைக்குமா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

சில இடங்களில் இந்த நோட்டீஸ் பணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி சேர்த்து ஷீட் அனுப்புவார்கள். 22,400-க்கு அது 4,032 ரூபாய். அதைக் கட்ட வேண்டியதில்லை. 2022 ஆகஸ்ட் 3 அன்று மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை 178, நோட்டீஸ் குறைவுக்காக ஊழியரிடம் பிடிக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சண்டை போட வேண்டாம், சுற்றறிக்கை எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டால் போதும், பெரும்பாலும் கணக்குப் பிரிவில் யாரோ பழைய ஷீட்டைக் காப்பி அடித்ததுதான் காரணமாக இருக்கும்.

சரி, கடிதம். ஆபீசில் ஆங்கிலம் என்றால் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், உள்ளே இருக்க வேண்டியது இது:

> பொருள்: ராஜினாமா அறிவிப்பு (பெயர், பணியாளர் எண்)
>
> வணக்கம் ஐயா,
>
> பேக்எண்ட் டெவலப்பர் பணியிலிருந்து ராஜினாமா செய்கிறேன். இந்த அறிவிப்பை இன்று, ஜூலை 13 அன்று தருகிறேன். நியமனக் கடிதத்தில் உள்ள 60 நாள் நோட்டீஸ் காலத்தின்படி என் கடைசி வேலை நாள் செப்டம்பர் 11.
>
> என்னை ஆகஸ்ட் 28 அன்றே விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குறையும் நாட்களுக்கு என் கணக்கில் உள்ள 9 நாள் விடுப்பைக் கழித்து, அதற்கு மேல் உள்ளதை நியமனக் கடிதத்தில் சொன்ன முறையில் இறுதிக் கணக்கில் பிடித்துக்கொள்ளச் சம்மதம். இது குறித்த முடிவை ஜூலை 24-க்குள் மெயிலில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.
>
> என் பொறுப்புகளை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஜூலை 20-க்குள் சொன்னால், 22-ஆம் தேதி தொடங்கி ஆகஸ்ட் 21-க்குள் முடித்துவிடுவேன். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலை இணைத்துள்ளேன்.
>
> மூன்று ஆண்டுகள் இங்கே வேலை செய்யக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி.

காரணம் எங்கே என்று கேட்பீர்கள். தேவையில்லை. போகும் கம்பெனியின் பெயர், புதுச் சம்பளம், இங்கே இன்கிரிமென்ட் தராத கதை எதுவும் வேண்டாம். "என் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று பள்ளிக்கூட லீவு லெட்டர் போல எழுதவும் வேண்டாம், அப்படி எழுதினால் ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்துதான் அறுபது நாள் என்று ஒருவர் வாதாட இடம் கிடைக்கிறது. "ராஜினாமா செய்கிறேன், இன்று தருகிறேன்" என்பதில் அந்த இடம் இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் அனுப்பினேன், மேனேஜர் திங்கள் பேசலாம் என்றார், திங்கள் கிளையன்ட் வந்துவிட்டார், இப்படியே போய் எச்.ஆர். போர்ட்டலில் அவர் அனுமதிப் பொத்தானை அமுக்கியது பதினோராம் நாள். அந்த நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். என் நியமனக் கடிதத்தில் "அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து" என்று தெளிவாக இருந்ததால் அதைக் காட்டி ஒரு வாரம் மல்லுக்கட்டி மீட்டேன், அந்த வரி மட்டும் இல்லையென்றால் பதினோரு நாள் போயிருக்கும். ஆகவே உங்கள் கம்பெனியிலும் போர்ட்டல் இருந்தால் மெயில் அனுப்பிய அதே மணி நேரத்தில் போர்ட்டலிலும் போட்டுவிட்டு, திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெயில் மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் சேர்ந்தே போகட்டும். உங்கள் ராஜினாமா மெயிலின் ஒரு பிரதியும், அதற்கு வரும் பதில்களும் உங்களிடம் தனியாக இருக்கட்டும், ஏனென்றால் கடைசி நாள் ஆறு மணிக்கு ஆபீஸ் மெயில் மூடிவிடும், அப்புறம் ஆதாரம் எல்லாம் அவர்கள் பெட்டியில்தான் இருக்கும். ஆனால் உங்கள் சொந்த வேலை சம்பந்தப்பட்ட மெயில் மட்டும், கிளையன்ட் மெயில் எதையும் வெளியே அனுப்பிவிடாதீர்கள்.

பதினெட்டுப் பேர் கம்பெனி என்கிறீர்கள். நம்ம ஊரில் இந்த மாதிரி இடத்தில் முதலாளியே மேனேஜர், உங்கள் அப்பாவைத் தெரிந்திருக்கும், தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியிருப்பார். அவருக்கு மெயிலில் முதலில் தெரியக்கூடாது. காலையில் போய் நேரில் சொல்லுங்கள், அன்று மதியத்துக்குள் மெயிலைப் போடுங்கள். "ரெண்டு நாள் யோசிச்சுட்டு அப்புறம் மெயில் போடு" என்பார், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள், "யோசிக்கிறேண்ணே, மெயில் இன்னைக்குப் போட்டுடுறேன், தேதி கணக்கு இடிக்குது" என்று சொல்லுங்கள். நேரில் சொன்னதற்கு எண்ணிக்கை கிடையாது.

சென்னைப் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. ஆகஸ்ட் 28 கிடைக்காமல் போனால் செப்டம்பர் 14 திங்கள் சேரலாமா என்று இப்போதே கேட்டு, சரி என்றால் மாற்றிய தேதியுடன் ஆபரைத் திருத்தி வாங்குங்கள். அறுபது நாள் நோட்டீஸ் என்று இன்டர்வியூவிலேயே சொல்லியிருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நோட்டீஸ் பணத்தை அவர்கள் தருவார்களா என்றும் கேளுங்கள், தருவார்கள் என்றால் அதையும் எழுத்தில். எந்தக் காரணம் கொண்டும் இங்கே விடுவிக்கும் முன்பு அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள். இங்கேயும் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே யு.ஏ.என். எண்ணில்தான் அது ஏறும், இரண்டு வேலையும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் சர்வீஸ் ஹிஸ்டரியில் தேதியோடு தெரியும், அடுத்தடுத்த கம்பெனி பின்னணி சரிபார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இனி ஹேண்டோவர். இழுத்தடிப்பார்கள் என்ற பயத்துக்கு மருந்தும் கடிதத்திலேயே வைத்துவிட்டோம், கவனித்தீர்களா? ஜூலை 20-க்குள் ஆள் சொல்லுங்கள் என்ற வரி. சின்னக் கம்பெனியில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், முதல் நாற்பது நாள் யாரையும் ஒதுக்க மாட்டார்கள், இருக்கிற டிக்கெட்டை எல்லாம் உங்கள் தலையிலேயே கட்டுவார்கள், கடைசி வாரத்தில் ஒரு ஃப்ரெஷரைக் கொண்டுவந்து உட்கார வைத்து "இவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடு" என்பார்கள், அவனுக்குப் புரியாது, "ஹேண்டோவர் முடியலையே, எப்படி விடுறது" என்று ஆரம்பிக்கும். நீங்கள் பட்டியலும் தேதியும் முதல் நாளே கொடுத்து, வாராவாரம் வெள்ளிக்கிழமை "இந்த வாரம் இவை முடிந்தன, இவை ஆள் இல்லாமல் நிற்கின்றன" என்று நாலு வரி மெயில் போட்டு வந்தால், அந்தப் பேச்சு எழாது, எழுந்தாலும் தாமதம் யாரால் என்று தேதியோடு பதிவாகியிருக்கும்.

பட்டியலை நினைவிலிருந்து எழுதாதீர்கள். நினைவில் வருவது கடந்த இரண்டு மாத வேலை மட்டும்தான். ரெபாசிட்டரியைக் கேளுங்கள், அது மறக்காது:

```
git log --since="1 year ago" --author="you@example.com" \
  --name-only --pretty=format: | grep . | sort | uniq -c | sort -rn | head -30
```

கடந்த ஓராண்டில் நீங்கள் அதிகம் கை வைத்த முப்பது கோப்புகள், எத்தனை தடவை என்ற எண்ணோடு மேலிருந்து கீழாக வரும். இதையே `--author` பகுதியையும் கடைசி `| head -30` பகுதியையும் எடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கோப்பில் இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதோ, அதை இந்த ஓராண்டில் உங்களைத் தவிர வேறு யாரும் அநேகமாகத் தொட்டதில்லை என்று அர்த்தம். ஹேண்டோவர் நேரத்தில் முக்கால்வாசி அங்கேதான் போக வேண்டும், நாலு பேர் தொட்ட கோப்பை விளக்க நேரம் வீணாக்காதீர்கள்.

என் டீமில் போன வருடம் ஒரு பையன் கிளம்பினான். நாங்கள் செய்வது ஜவுளிக்கடைகளுக்கான பில்லிங், விளக்குத்தூண் பக்கத்துக் கடைகள் பல எங்களிடம் உண்டு. அவன் எழுதிவந்த முதல் பட்டியலில் ஒன்பது வரி, எல்லாம் பில்லிங் ஸ்கிரீன், ரிப்போர்ட் இப்படி. இந்த கமாண்டை ஓட்டியதும் இரண்டாம் இடத்தில் வந்தது இரவு ஸ்டாக் சரிபார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட், அது அவன் பட்டியலிலேயே இல்லை. கேட்டால் "அது தானா ஓடுது அண்ணே" என்றான். தானாக ஓடுவதுதான் ஆபத்து. எதன் பெயரில் ஓடுகிறது என்று பார்த்தால் சர்வரில் அவனுடைய சொந்த யூசர் கணக்கில். அவன் போன மறுநாள் அந்தக் கணக்கை நீக்கியிருப்போம், கூடவே அதன் கிரான்டேபும் போயிருக்கும், தீபாவளி ஸ்டாக் எல்லாம் குளறுபடியான பிறகுதான் தெரிந்திருக்கும்.

ஹேண்டோவர் என்றால் டாக்குமென்ட் எழுதுவது என்று நினைப்பவர்கள் விடுவது இதைத்தான். கோடு அங்கேயே இருக்கும், யாரும் எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். உங்களோடு சேர்ந்து வெளியே போகப்போவது உங்கள் பெயரில் ஓடும் சமாச்சாரங்கள், அவற்றைத்தான் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். சர்வரில் யார் யார் பெயரில் என்ன ஓடுகிறது என்று பார்க்க:

```
for u in $(cut -d: -f1 /etc/passwd); do
  echo "== $u"; sudo crontab -l -u "$u" 2>/dev/null
done
```

உங்கள் பெயருக்குக் கீழே ஏதாவது வந்தால் அதை ஒரு பொதுவான சர்வீஸ் கணக்குக்கு மாற்றி, ஒரு இரவு ஓடவிட்டு, காலையில் பதிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றினால் மட்டும் போதாது, அனுமதி பிரச்சினையால் பாதியில் நின்றிருக்கும்.

கிட்ஹப் பயன்படுத்தினால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கிட்ஹப் ஆக்ஷன்ஸில் `schedule` வைத்து ஓடும் வொர்க்ப்ளோவின் கிரான் வரியைக் கடைசியாகக் கமிட் செய்தவர் யாரோ, அவரை ஆர்கனைசேஷனிலிருந்து நீக்கியதும் அந்த வொர்க்ப்ளோ முடங்கிவிடும். கோடு மாறியிருக்காது, எதுவும் உடைந்த மாதிரியே இருக்காது, வெறுமனே ஓடாது. நீங்கள் இருக்கும்போதே அடுத்து வருபவர் அந்த கிரான் வரியைக் கொஞ்சம் மாற்றி, ஐந்து நிமிடம் முன்னே பின்னே தள்ளி, அவர் பெயரில் கமிட் செய்தால் தீர்ந்தது. அதே போல டிப்ளாய் செய்யும் இடத்தில் உங்கள் சொந்த டோக்கனை ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அவசரத்துக்கு ஒரு நாள் ராத்திரி ஒட்டியது வருடக்கணக்கில் அப்படியே இருக்கும்.

அப்புறம் உங்கள் போன். பேமென்ட் கேட்வே, எஸ்.எம்.எஸ். அனுப்பும் டி.எல்.டி. போர்ட்டல், டொமைன் வாங்கிய கணக்கு, ப்ளே ஸ்டோர் கணக்கு, கிளவுடின் ரூட் லாகின், இவற்றில் எதற்கெல்லாம் ஓ.டி.பி. உங்கள் நம்பருக்கு வருகிறது? சின்னக் கம்பெனியில் ஆரம்பத்தில் "உன் நம்பரையே போட்டுடு" என்று முதலாளியே சொல்லியிருப்பார். நம்பர் மாற்றச் சில இடங்களில் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம் கேட்பார்கள், நாள் பிடிக்கும், அதனால் இதை முதல் வாரத்திலேயே ஆரம்பியுங்கள், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். எஸ்.எஸ்.எல். சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்றால் அது வழக்கமாக 90 நாள்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும்; முன்பெல்லாம் காலாவதி ஆகும் முன் மெயில் வரும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆக `sudo certbot renew --dry-run` ஓட்டிப் பார்த்து, காலாவதியைக் கண்காணிக்க ஒரு எச்சரிக்கையைப் பொது மெயிலுக்கு வைத்துவிட்டுப் போங்கள்.

கடவுச்சொற்கள் எதையும் ஹேண்டோவர் டாக்குமென்டில் எழுதாதீர்கள். `.env` கோப்பை மெயிலில் இணைப்பது அதைவிட மோசம். என்னென்ன ரகசியம் எங்கே இருக்கிறது என்று பெயரும் இடமும் மட்டும் எழுதி, கடைசி நாளுக்குப் பிறகு இவற்றை எல்லாம் மாற்றிவிடுங்கள் என்று நீங்களே மெயிலில் கேளுங்கள். இது உங்களுக்கான பாதுகாப்பு. நீங்கள் போன ஒரு மாதத்தில் டேட்டாபேஸில் ஏதாவது நடந்தால் "பழைய பையனுக்குப் பாஸ்வேர்டு தெரியுமே" என்றுதான் பேச்சு முதலில் போகும், மாற்றச் சொன்ன மெயில் இருந்தால் உங்கள் பக்கம் திரும்பாது.

சொல்லிக்கொடுத்தது ஏறியதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு நிஜ டிப்ளாய்மென்டை அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். கீபோர்டைத் தொடக்கூடாது. அவர் நிற்கிற ஒவ்வொரு இடமும் உங்கள் டாக்குமென்டில் இல்லாத ஒரு வரி. அந்தப் பையன் விஷயத்தில் மூன்று இடத்தில் நின்றது, அதில் ஒன்று அவன் லேப்டாப்பின் `~/.ssh/config` கோப்பில் மட்டும் இருந்த ஒரு ஹோஸ்ட் பெயர். இரண்டரை வருடமாக அதைத் தட்டித் தட்டி அது ஒரு அமைப்பு என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அடுத்து டிப்ளாய் செய்ததைத் திருப்பி எடுக்கவும், அதாவது ரோல்பேக், அவரையே செய்ய வையுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு டேபிளை வேறொரு சோதனை டேட்டாபேஸில் மீட்டுக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது, நேரம் இருந்தால்.

ஆள் ஒதுக்கவே இல்லை என்றால்? ஜூலை 20 தாண்டியும் பெயர் வரவில்லையா, 21 காலையில் ஒரு நினைவூட்டல், பிறகு யாருக்காகவும் காத்திருக்காமல் டாக்குமென்டை எழுத ஆரம்பியுங்கள், டிப்ளாய் செய்வதைத் திரையோடு வீடியோவாகப் பதிந்து ஆபீஸ் டிரைவில் போடுங்கள், இணைப்பை மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் அனுப்புங்கள். "ஆள் இல்லாததால் பதிவாக ஒப்படைக்கிறேன்" என்று ஒரு வரி. கோபம் இல்லாத வரியாக இருக்கட்டும்.

கோடு எதையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நீங்களே எழுதியதாக இருந்தாலும். வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி முதலாளிதான் முதல் உரிமையாளர். போட்டி கம்பெனியில் ஒரு வருடம் சேரக்கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்து அது உறுத்தினால், அதற்கு இவ்வளவு பயப்பட வேண்டாம், வேலையை விட்ட பிறகும் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் செல்லாது. ரகசியம் காக்கும் வரி வேறு, அது செல்லும்.

கடைசி நாளில் லேப்டாப்பை ஒப்படைக்கும்போது சீரியல் எண், சார்ஜர், ஐ.டி. கார்டு எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டேன் என்று ஒரு மெயில் வாங்குங்கள், பத்து நிமிட வேலை. அதன் முன் பிரவுசரில் உங்கள் சொந்தக் கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிடுங்கள். ரிலீவிங் லெட்டரில் ஆகஸ்ட் 28 என்ற தேதி சரியாக இருக்கிறதா, பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், பிறகு திருத்தி வாங்குவது பெரும்பாடு. கணக்குத் தீர்ப்புக்கு 30 நாள், 45 நாள் என்று கம்பெனிகள் சொல்வது வழக்கம்; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவரின் ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. அதைக் காட்டி முதல் நாளே குதிக்கச் சொல்லவில்லை, மாதக் கணக்கில் போனால் எழுதும் மெயிலில் இந்த வரி இருக்கட்டும்.

போன பிறகு கூப்பிடுவார்கள். ரெண்டு வாரத்துக்குப் போனில் சந்தேகம் கேட்டால் சொல்லுங்கள், பதினெட்டுப் பேர் கம்பெனி, மனிதர்கள் முக்கியம். ஆனால் "ஒரு நிமிஷம் சர்வர்ல லாகின் பண்ணிப் பாரேன், உன் அக்செஸ் இன்னும் இருக்கு" என்றால் மட்டும் வேண்டாம். அக்செஸ் இருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிடமே நீக்கச் சொல்லி மெயில் போடுங்கள்.

பி.எஃப். பிடித்திருந்தால் அந்தப் பக்கம் ஒன்றே ஒன்று. வேலையை விட்ட தேதியைக் கம்பெனி அங்கே பதிவு செய்ய வேண்டும், அது இல்லாமல் பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுவது சிக்கும். அவர்கள் போடாமல் விட்டால், கடைசியாகப் பணம் ஏறி இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். போர்ட்டலில் `Manage` என்பதன் கீழ் `Mark Exit` வழியாக நீங்களே போட்டுக்கொள்ளலாம், ஆதாரோடு இணைந்த போன் கையில் இருந்தால் போதும். ரிலீவிங் லெட்டரில் உள்ள அதே தேதியைப் போடுங்கள்.